விற்ற துணி திரும்பி வந்தால்: இணையக் கடைக்கு விதி எழுதும் முறை

காலையில் மரம் வெட்டிப் பால் எடுத்து, மாலையில் கைப்பேசியின் துணையோடு துணி வணிகம் செய்யும் குடும்பங்கள் இன்று நம் தோட்டப்புறங்களில் உள்ளன. பஞ்சாபி சூட்டும் சேலையும் ஜிப்பாவும் மொத்தக் கடையிலிருந்து வாங்கிவந்து, படமெடுத்து, இணையத்தில் தமக்கென ஒரு கடைப்பக்கம் அமைத்து விற்கின்றனர். அத்தகைய பக்கங்கள் பலவற்றின் அடியில் ஒரு வரி காணப்படும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்பதே அவ்வரி. பட்டணத்துக் கடைகளின் ரசீதில் "பாராங் யாங் டிஜுவால் தீடாக் போலே டிகெம்பாலிக்கான்" என்று நாம் நெடுங்காலமாகப் படித்துப் பழகிய வாசகத்தின் தமிழ் வடிவம் அது. பலரும் எழுதுவதால் இது சட்டப்படி சரியானது என்றும், நட்டத்திலிருந்து காக்கும் வேலி என்றும் விற்பவர்கள் எண்ணிக்கொள்கின்றனர்.

உண்மையில் அது வேலியன்று. அந்த வரி ஏன் பயன்படாது என்பதையும், அதன் இடத்தில் என்ன எழுத வேண்டும் என்பதையும் இம்மாதப் பாடமாகக் காண்போம். விற்பவர்களுக்கென இதனை எழுதினாலும், இணையத்தில் துணி வாங்கும் இல்லத்தரசியரும் இதைப் படித்து வைத்துக்கொள்ளலாம். பெரிய இணையச் சந்தைகளில் விற்பவர்கள் அச்சந்தை வகுத்துள்ள விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். நாம் இங்கே பேசுவது சொந்தப் பக்கம் வைத்து விற்கும் சிறு கடையைப் பற்றி மட்டுமே.

சட்டம் வைத்திருக்கும் உறுதிமொழிகள்

மலேசியாவில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இணைய விற்பனையும் அதற்கு உட்பட்டதே. வீட்டுத் தேவைக்காக ஒருவர் ஒரு துணியை வாங்கும்போது, கடைக்காரர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் சில உறுதிமொழிகளை அவர் கொடுத்ததாகவே அச்சட்டம் கொள்கிறது. துணி ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்பது ஓர் உறுதிமொழி. சொன்ன வருணனைக்கும் காட்டிய மாதிரிக்கும் அது ஒத்திருக்கும் என்பது மற்றொன்று. பக்கத்தில் "பச்சை, நாற்பது அங்குலம், பருத்தி" என்று எழுதியிருந்தால், வந்து சேரும் துணி பச்சையாகவும் நாற்பது அங்குலமாகவும் பருத்தியாகவும் இருந்தாக வேண்டும்.

இந்த உறுதிமொழிகளைக் கடைக்காரர் தம் சொந்த விதியால் நீக்கிவிட முடியாது. நீக்க முயல்வதே குற்றம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆகவே, கிழிந்த சேலையை அனுப்பிவிட்டு, "திரும்பப் பெறமாட்டோம் என்றுதான் எழுதியிருக்கிறோமே" என்று பதில் சொல்வதில் பயனில்லை. வாங்கியவர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதியலாம். அதற்குக் கட்டணம் 5 ரிங்கிட்டே. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. வழக்கறிஞர் வைக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு சேலைக்காக யார் அவ்வளவு தூரம் போவார்கள் என்று அலட்சியமாக இருத்தல் தகாது. 5 ரிங்கிட் செலவில் எவரும் போகலாம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. துணியில் ஒரு குறையும் இல்லை, கேட்டதே வந்திருக்கிறது, ஆனால் வாங்கியவருக்குப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்நிலையில் அதனைத் திரும்பப் பெறும்படி இச்சட்டம் கடையைக் கட்டாயப்படுத்தவில்லை. பெறுவதும் மறுப்பதும் கடையின் விருப்பம். பெறுவதாக எழுதிவிட்டால், எழுதிய சொல்லைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவே.

எனவே திரும்பி வரும் துணி இரு வகைப்படும். கடையின் குறையால் வருவது ஒரு வகை. அதற்குச் சட்டமே விதி வகுத்துவிட்டது. வாங்கியவரின் மனமாற்றத்தால் வருவது மறு வகை. அதற்குக் கடையே விதி வகுக்கலாம். நாம் பார்த்தவரையில், சிறு கடைகளின் விதிப் பக்கங்களில் நேரும் குழப்பம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கட்டுவதால்தான் வருகிறது. "மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும், விலைச்சீட்டு இருக்க வேண்டும், அனுப்பும் செலவு உங்களுடையது" என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதிவிடுகின்றனர். மனமாற்றத்துக்கு அது பொருந்தும். கிழிந்த துணிக்குப் பொருந்தாது.

ஒரு கணக்கு

தைப்பிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் ஒரு பெண், 3,000 ரிங்கிட் சேமிப்பைப் போட்டு, 50 பஞ்சாபி சூட்டுகளை ஒன்று 60 ரிங்கிட் வீதம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். விற்கும் விலை 95 ரிங்கிட். கூரியர் செலவு 8 ரிங்கிட்டை வாங்குபவர் தனியே செலுத்துகிறார். ஆக, வாங்குபவர் கட்டுவது 103 ரிங்கிட். பை, ஒட்டுத்தாள் முதலிய சிறு செலவுகளை விட்டுவிட்டால், ஒரு சூட்டுக்கு அப்பெண்ணுக்குக் கிடைப்பது 35 ரிங்கிட்.

ஒருநாள் வாட்ஸ்அப்பில், "அக்கா, சூட் உடம்புக்குச் சரியா இல்லை" என்று ஒரு செய்தி வருகிறது. இந்த ஒரே செய்திக்குப் பின்னால் மூன்று வேறு கதைகள் இருக்கக்கூடும்.

முதற்கதை: வாங்கியவர் நாற்பது கேட்டார், அவசரத்தில் நாற்பத்து நான்கைப் பொட்டலம் கட்டி அனுப்பியாயிற்று. இது கடையின் தவறு. திரும்பி வரும் செலவு 8 ரிங்கிட்டும், சரியானதை மறுபடி அனுப்பும் செலவு 8 ரிங்கிட்டும் கடையுடையவை. 35 ரிங்கிட் இலாபத்தில் 16 போக, 19 மிஞ்சும். சரி செய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்துக்குள் மாற்றுத் துணி கொடுத்தோ பழுது பார்த்தோ தீர்த்துவைக்கும் வாய்ப்பைச் சட்டம் கடைக்கு அளிக்கிறது. ஆயினும், நாற்பது அளவு கையிருப்பில் இல்லையென்றால், "அடுத்த சரக்கு வரட்டும்" என்று இழுத்தடிக்கக்கூடாது. கட்டிய 103 ரிங்கிட்டையும் திருப்பித் தந்துவிட வேண்டும். அப்போது போன செலவும் வந்த செலவுமாக 16 ரிங்கிட் கைந்நட்டம். சூட் மட்டும் மறுபடி விற்கக் கையில் இருக்கும். தவறான பொருளையே அனுப்பிவிட்ட இடத்தில், மாற்றா பணமா என்ற தேர்வை வாங்கியவரிடமே விட்டுவிடுவது தகராறில்லாத வழி என்பது நம் கருத்து.

இரண்டாவது கதை: வாங்கியவர் நாற்பது கேட்டார், நாற்பதே போயிற்று, துணியும் அளவுப்படியே இருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது நாற்பத்து இரண்டு. இது கடையின் தவறன்று. மாற்றித் தருவதாகக் கடை எழுதியிருந்தால், வந்து போகும் செலவு 16 ரிங்கிட்டையும் வாங்கியவர் ஏற்க வேண்டும் என்று விதி எழுதலாம். பணம் திருப்பித் தருவதானால் 95 ரிங்கிட்டை மட்டும் தந்து, முதலில் அனுப்பிய கூரியர் செலவைத் தர இயலாது என்றும் எழுதலாம். பணமாகத் தராமல் அடுத்த கொள்முதலில் கழித்துக்கொள்வதாகவும் எழுதலாம். இவையெல்லாம் கடையின் உரிமைக்குட்பட்டவை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்குபவரின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பின்னால் சொல்வது விதியாகாது, வாக்குவாதம்தான் ஆகும்.

மூன்றாவது கதைதான் கவனித்துப் படிக்க வேண்டியது. வாங்கியவர் நாற்பது கேட்டார். நாற்பது என்று சீட்டு ஒட்டிய சூட்டே போயிற்று. ஆனால் அத்துணியை அளந்து பார்த்தால் முப்பத்து எட்டு அங்குலம்தான் இருக்கிறது. விற்பவர் இதனை இரண்டாவது கதை என்று நினைத்து, "நீங்கள் அளவு தப்பாகக் கொடுத்துவிட்டீர்கள்" என்று பதில் எழுதிவிடுவார். அது தவறு. பக்கத்தில் எழுதிய வருணனைக்குத் துணி ஒத்துவரவில்லை. ஆகவே இது முதற்கதையைச் சேர்ந்தது, செலவு கடையினுடையது.

இரண்டாவது கதையா மூன்றாவது கதையா என்று எப்படி அறிவது? துணியை மேசையின்மேல் சுருக்கமின்றி விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளவுநாடாவை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அங்கே இருபது அங்குலம் இருந்தால் சுற்றளவு நாற்பது. பத்தொன்பது இருந்தால் முப்பத்து எட்டு. ஒரு படம் போதும், வாக்குவாதம் முடிந்துவிடும்.

அதைவிட மேலான வழி, துணியை விற்குமுன் அளந்துவிடுவது. மொத்தக் கடைச் சீட்டில் உள்ள எண்ணையும் எழுத்தையும் அப்படியே பக்கத்தில் ஏற்றக்கூடாது. ஒரு தையற்கூடத்தின் நாற்பதும் மற்றொன்றின் நாற்பதும் ஒத்திருப்பதில்லை. ஒவ்வொரு சரக்கிலும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு துணியையாவது கையால் அளந்து, மார்புச் சுற்றளவு, தோள், நீளம் ஆகியவற்றை எழுத வேண்டும். அது துணியின் அளவா, உடம்பின் அளவா என்பதையும் சொல்ல வேண்டும். நாற்பது அங்குலத் துணி நாற்பது அங்குல உடம்புக்கு இறுக்கமாகவே இருக்கும். கையை வீசி நடக்க இரண்டு மூன்று அங்குலத் தளர்வு வேண்டும். "துணியின் சுற்றளவு 40 அங்குலம், 37 முதல் 38 அங்குல உடம்புக்குப் பொருந்தும்" என்று எழுதிய பக்கத்திலிருந்து திரும்பி வரும் சூட்டுகள் குறைவாகவே இருக்கும். ஒரே வகைச் சூட்டை மூன்று நான்கு பேர் "சிறியது" என்று திருப்பி அனுப்பினால், குற்றம் வாங்கியவர்களிடம் இருக்க வாய்ப்பில்லை. அளவுப் பட்டியலைத்தான் சரிபார்க்க வேண்டும்.

எத்தனை நாள்?

மனமாற்றத்துக்கு ஏழு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் என்றும் வைக்கலாம். எந்நாளிலிருந்து எண்ணுவது என்பதைத்தான் பலர் எழுத மறந்துவிடுகின்றனர். பணம் கட்டிய நாளிலிருந்தா, பொட்டலம் கிளம்பிய நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா? தோட்டத்து முகவரிக்குப் போகும் பொட்டலங்கள் பெரும்பாலும் லயத்து வாசல்வரை வருவதில்லை. தோட்ட அலுவலகத்திலோ, காவற்கொட்டகையிலோ, மளிகைக் கடையிலோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வேலை முடிந்து, மழை விட்டு, உரியவர் போய் எடுக்க இரண்டு நாள் ஆகலாம். மூன்று நாள் தவணை என்றால், பொட்டலத்தைப் பிரிக்குமுன்பே அது முடிந்துபோகும். ஆகவே, "கூரியர் நிறுவனத்தின் பதிவில் ஒப்படைத்ததாகக் குறித்த நாளிலிருந்து ஏழு நாள்" என்று எழுதுவதே நேர்மையான ஏற்பாடு. இரு தரப்பும் அந்தப் பதிவைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் குறையுள்ள துணிக்கு இந்த ஏழு நாள் செல்லாது. நியாயமான காலத்துக்குள் தெரிவித்தால் போதும் என்பதே சட்டத்தின் நிலை. நியாயமான காலம் என்பது பொருளின் தன்மையையும், அதனை எப்போது, எவ்வளவு பயன்படுத்தினால் குறை வெளிப்படும் என்பதையும் பொறுத்தது. தீபாவளிக்கென்று ஒரு மாதம் முன்பே வாங்கிய சேலையை எவரும் அன்றே உடுத்திப் பார்ப்பதில்லை. மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருந்து, பண்டிகைக்கு முந்திய இரவுதான் விரிப்பர். உள்மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு இழை அறுந்திருந்தால் அன்றுதான் தெரியவரும். "ஏழு நாள் முடிந்து மூன்று வாரமாயிற்று" என்ற பதில் அங்கே நிற்காது. அதற்காக, ஓராண்டு உடுத்தித் துவைத்தபின் கரை நைந்துவிட்டதென்று வருபவருக்கும் கடை கடமைப்பட்டதன்று. வாங்கியவரின் பயன்பாட்டால் வந்த சேதம் அவருடையதே.

ஆகவே, "பொட்டலம் கிடைத்தவுடன் துணியை முழுவதும் விரித்துப் பாருங்கள், குறை கண்டால் உடனே தெரிவியுங்கள்" என்று வேண்டுகோளாக எழுதலாம். "பிரிக்கும்போது காணொளி எடுக்காவிட்டால் எக்கோரிக்கையும் ஏற்கப்படாது" என்று இப்போது சில கடைகள் எழுதுகின்றனவே, அது நமக்குச் சரியாகப் படவில்லை. சான்று கேட்பது முறைதான். ஆனால் சட்டம் கொடுத்த உரிமையை ஒரு காணொளியின் பெயரால் பறிக்க முடியாது. குறையின் படமும், பொட்டலத்தின்மேல் ஒட்டிய முகவரிச் சீட்டின் படமும் கேட்டால் போதுமானது.

துணிக்கே உரிய நிபந்தனைகள்

மனமாற்றத்தால் திரும்பி வரும் துணியை மறுபடி விற்க முடிந்தால்தான் கடைக்கு நட்டமில்லை. எனவே, உடுத்தாதது, துவைக்காதது, விலைச்சீட்டு கழற்றாதது என்ற மூன்றையும் எழுத வேண்டும். வாசனைத் தைலம், முகமாவு, சந்தனம் ஆகியவற்றின் கறை இருக்கலாகாது என்பதையும் சேர்க்கலாம். சேலை விற்பவர்கள் மேலும் இரண்டைத் தவறாமல் எழுத வேண்டும். சேலையோடு ஒட்டி வரும் ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் அச்சேலை திரும்பப் பெறத்தக்கதன்று. முந்தியில் குஞ்சம் கட்டினாலும் ஓரம் தைத்தாலும் அவ்வாறே. உடம்பளவு கேட்டுத் தைத்துக் கொடுத்த ரவிக்கைக்கும் உள்ளாடைகளுக்கும் மனமாற்றத்தின் பேரில் திரும்புதல் இல்லை என்று எழுதுவதும் நியாயமே. தைத்துக் கொடுத்த ரவிக்கை கொடுத்த அளவுக்கு மாறாக இருந்தால் அது வேறு கதை. அது கடையின் குறை.

இந்த நிபந்தனைகளைக் குறையுள்ள துணியின்மேல் சுமத்தக்கூடாது. தையல் விட்டுப்போயிருப்பது உடுத்திய பிறகே தெரியும். சாயம் போவது துவைத்த பிறகே தெரியும். "துவைத்துவிட்டீர்கள், ஆகவே ஏற்கமாட்டோம்" என்று எப்படிச் சொல்வது? சாயத்தைப் பொறுத்தவரை ஒரு வழி உண்டு. அடர்ந்த சிவப்பும் நீலமும் முதற்சலவையில் சாயம் விடும் வகையானால், "முதல் இரண்டு முறை குளிர்ந்த நீரில் தனியே அலசவும், வெள்ளைத் துணியோடு சேர்க்க வேண்டாம்" என்று பக்கத்திலும் பொட்டலத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகும் சலவை இயந்திரத்தில் எல்லாவற்றோடும் போட்டுச் சுழற்றியவர், கடையைக் குறை சொல்வது கடினம். எழுதாமல் விட்டிருந்தால், கடைக்காரர் நிலைதான் சங்கடம்.

மலிவு விற்பனை பற்றியும் ஒரு சொல். "கழிவு விலைத் துணிக்கு எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டோம்" என்பது முதலில் பார்த்த வரியின் தம்பிதான்; விலை குறைந்ததால் சட்டத்தின் உறுதிமொழி போய்விடாது. ஆனால் குறையை முன்கூட்டியே குறிப்பாகக் காட்டி விற்றால், அக்குறைக்காக மட்டும் பின்னர் கடை பொறுப்பேற்க வேண்டியதில்லை. 120 ரிங்கிட் சேலையின் முந்தியில் ஓர் அங்குலக் கறை இருந்து, அதனால் 60 ரிங்கிட்டுக்கு விற்பதாகக் கொள்வோம். "முந்தியில் ஓர் அங்குல மஞ்சள் கறை உண்டு, படம் காண்க" என்று எழுதி, கறையைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட வேண்டும். "சிறு குறைகள் இருக்கலாம்" என்ற மழுப்பல் போதாது. கறையைச் சொல்லி விற்ற அதே சேலையில் கிழிசலும் இருந்தால், கிழிசலுக்குக் கடை பதில் சொல்லத்தான் வேண்டும்.

நிறத்திலும் இப்படியே. கைப்பேசிக்குக் கைப்பேசி நிறம் சற்று மாறித் தோன்றும் என்று எழுதுவது சரி. அது சிறு மாறுபாட்டுக்குத் துணை செய்யும். பச்சைக்கு அரக்கு நிறத்தை அனுப்பியதற்குத் துணை செய்யாது.

மொத்தக் கடைக்காரர் எங்கே வருகிறார்?

குறையுள்ள துணி வந்ததும், "மொத்தக் கடையில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சிலர் வாங்கியவரைக் காத்திருக்க வைக்கின்றனர். வாங்கியவர் பணம் கொடுத்தது உங்களிடம். ஆகவே அவருக்குத் தீர்வு தர வேண்டியவரும் நீங்களே. மொத்தக் கடையோடு உள்ள கணக்கு உங்களுடைய தனிக்கணக்கு. மேலும், மறுவிற்பனைக்காக வாங்குபவரை இச்சட்டம் பயனீட்டாளராகக் கொள்வதில்லை. ஆகவே, குறையுள்ள சரக்கை மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைக் கொள்முதல் செய்யும்போதே மொத்தக் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சரக்கு வந்த அன்றே ஐம்பது சூட்டுகளையும் ஒவ்வொன்றாக விரித்து, தையலையும் துணியையும் பார்த்துவிடுவது இரண்டு மணி நேர வேலை. நம் கணக்குப்படி, ஒரு குறையுள்ள சூட்டை அனுப்பித் திரும்பப் பெற்றால் போகும் 16 ரிங்கிட், பாதி இலாபத்துக்குச் சற்றேறக்குறைய சமம்.

எழுதும் பக்கம்

இனி அப்பெண்ணின் கடைக்கு ஒரு விதிப் பக்கத்தை எழுதிப் பார்ப்போம். நாள் எண்ணிக்கையையும் தொகையையும் அவரவர் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

"துணியில் குறை இருந்தாலோ, நீங்கள் கேட்டதல்லாமல் வேறு வந்திருந்தாலோ: குறையின் படத்தையும் முகவரிச் சீட்டின் படத்தையும் எங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். இரண்டு வேலை நாளுக்குள் பதில் தருவோம். திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது. மாற்றுத் துணி வேண்டுமா, கூரியர் செலவு உட்பட நீங்கள் கட்டிய முழுத் தொகையும் வேண்டுமா என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். பொட்டலம் கிடைத்தவுடன் துணியை முழுவதும் விரித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்னர் வெளிப்படும் குறையையும் கண்டவுடன் தெரிவியுங்கள்.

துணி சரியாக இருந்தும் அளவோ நிறமோ உங்களுக்கு ஒத்துவராவிட்டால்: ஒப்படைத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் தெரிவியுங்கள். துணி உடுத்தாமலும் துவைக்காமலும் விலைச்சீட்டோடும் இருக்க வேண்டும். வந்து போகும் கூரியர் செலவு உங்களுடையது. வேறு அளவு இருந்தால் மாற்றித் தருவோம். இல்லையென்றால் துணியின் விலையைத் திருப்பித் தருவோம். முதலில் அனுப்பிய கூரியர் செலவு திரும்பாது. ரவிக்கைத் துணி வெட்டிய சேலை, அளவெடுத்துத் தைத்தவை, உள்ளாடை ஆகியவற்றை இக்காரணத்துக்காக மாற்ற இயலாது.

பணம் திருப்பித் தருதல்: துணி எங்கள் கைக்கு வந்த ஐந்து வேலை நாளுக்குள், நீங்கள் பணம் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்புவோம். இதற்காக உங்கள் இரகசிய எண்ணையோ, வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணையோ நாங்கள் ஒருபோதும் கேட்கமாட்டோம்."

மூன்றே பகுதிகள்தாம். முதற்பகுதியில் பணத்துக்குப் பதிலாகக் கடைக்கடன் தருவதாக எழுதாததைக் கவனிக்கவும். குறையுள்ள துணியை முறைப்படி நிராகரித்தவர் பணமாகவே கேட்கும் உரிமையுடையவர்; அடுத்த முறை கழித்துக்கொள்ளுங்கள் என்று அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. பணத்தை அதே கணக்குக்கே அனுப்புவதிலும் காரணம் உண்டு. "என் அண்ணன் கணக்குக்குப் போடுங்கள்" என்று வேறொருவர் இடையில் புகுந்து கேட்டு வாங்கிக்கொண்டால், பின்னால் உரியவருக்கும் ஒருமுறை கொடுக்க நேரிடும்.

இந்தப் பக்கம் தனியே எங்கோ ஒரு மூலையில் இருந்தால் போதாது. பணம் கட்டும் இடத்துக்கு மேலே அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆணை எடுப்பவர்கள், தொகையைச் சொல்லும் அதே செய்தியில் விதியையும் சேர்த்து அனுப்பிவிட வேண்டும். வாங்குபவர்களில் மலாய்க்காரரும் சீனரும் இருந்தால் மலாய் மொழியிலும் எழுதுவது அவசியம். கடை நடத்துபவரின் பெயர், வணிகப் பதிவெண், தொடர்பு எண், கூரியர் செலவு உட்பட்ட முழு விலை, பணம் செலுத்தும் முறை, வந்து சேரும் உத்தேச நாள் ஆகியவற்றையும் பக்கத்தில் காட்ட வேண்டும் என்று மின்வணிக ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. இவ்விதிகள் 2013இல் நடைமுறைக்கு வந்து, 2024 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்டவை. பதிவெண் இல்லாதவர்கள் மலேசிய நிறுவன ஆணையத்தில் முதலில் பதிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்தின் அடியில், அது எழுதப்பட்ட நாளைக் குறித்துவிடுக. கூரியர் கட்டணம் ஏறியதாலோ, ஏழு நாளை ஐந்தாக்க எண்ணியதாலோ பின்னொரு நாள் விதியை மாற்ற நேர்ந்தால், பழைய பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, புதியதில் புதிய நாளை எழுதவும். மாற்றத்துக்கு முன் பணம் கட்டியவருக்குப் பழைய பக்கமே பொருந்தும்.